மங்கும் திரை, வலிக்கும் தலை

அண்மையில் தண்டலத்துக்கு அருகே ஒரு திரையரங்கில் பேரனுடன் முப்பரிமாணப் படம் பார்த்தேன். இடைவேளைக்குள் அவனுக்குத் தலைவலி. எனக்கோ திரை மங்கலாகத் தெரிந்தது. வயதின் குறை என்றெண்ணிக் கண்ணாடியைக் கழற்றினேன். உருவங்கள் இரட்டையாகக் கலங்கின. ஆனால், திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. குறை என் கண்ணில் இல்லை.

நம் இரு கண்களுக்கிடையே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி உண்டு. ஆகவே, ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைக் காண்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தைக் கணிக்கிறது. 1984இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ முதல் 2018இன் ‘2.0’ வரை அடிப்படை ஒன்றே: ஒரே திரையில் இரு படங்கள். ஒளியலைகளின் அதிர்வை வகைபிரிக்கும் போலராய்டு கண்ணாடி, அந்தந்தக் கண்ணுக்கு உரியதை மட்டும் அனுமதிக்கிறது.

இதற்கு முதல் விலை வெளிச்சம். புரொஜெக்டர் 100 பங்கு ஒளி தருவதாகக் கொள்வோம். போலராய்டு வடிகட்டியில் பாதி போய்விடும். ஒற்றைப் புரொஜெக்டர் இரு கண்களுக்கும் மாறி மாறிப் படம் காட்டுவதால் மீதியும் பாதியாகிறது. எஞ்சிய 25 பங்கிலும் கண்ணாடி சிறிது விழுங்கிவிடும். இதை ஈடுகட்டவும் வெள்ளித்திரை பயன்படுகிறது. அது ஒளியை நடு இருக்கைகளுக்கே அதிகம் திருப்புகிறது. பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டினால், சாதாரணப் படத்தில் தெரியாத குறை இங்கே அப்பட்டமாகத் தெரியும்.

இரண்டாவது விலை கண்ணின் உழைப்பு. திரை 15 மீட்டர் தொலைவில் இருக்க, வீசப்படும் பந்து ஒரு மீட்டர் அருகே வருவதாகத் தோன்றினால், கண்கள் அதை நோக்கி உட்புறம் திரும்ப வேண்டும். விழிவில்லையோ திரையிலேயே குவிந்திருக்க வேண்டும். இயல்பில் இணைந்தே இயங்கும் இரு செயல்களைப் பிரிக்கும் இந்த முயற்சியே பலருக்குத் தலைவலியாகிறது.

தொலைவுக் காட்சியிலும் சிக்கல் உண்டு. அங்கே இரு படங்களின் இடைவெளி கண்களின் இடைவெளியைத் தாண்டினால், கண்கள் வெளிப்புறமாக விலக நேரும். 6 மீட்டர் அகலத் திரையில் 6 செ.மீ. ஆக இருக்கும் இடைவெளி, 20 மீட்டர் திரையில் 20 செ.மீ. ஆகிவிடும். குழந்தைகளின் கண்கள் இன்னும் நெருக்கமாக இருப்பதால், அவர்கள் இந்த எல்லையை முன்னதாகவே எட்டுகிறார்கள்.

எனவே, நடுவரிசையில், சற்றுப் பின்தள்ளி அமர்வது நல்லது. வலி தொடங்கினால் சிறிது நேரம் கண்களை மூடிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வலித்தாலோ, ஆழமே தெரியாவிட்டாலோ, கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இரு கண்களின் ஒத்துழைப்பில் குறை இருக்கக்கூடும். கண்ணாடியின்றியும் திரை மங்கலாக இருந்தால், கேட்க வேண்டியது திரையரங்க மேலாளரை. கூடுதல் கட்டணம் செலுத்தியவருக்கு அந்த உரிமை உண்டு.