தொலைபேசியில் பேசிய ஆர்டரை எழுத்தில் உறுதி செய்தல்

சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுள் பலர் கொள்முதலைத் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுகின்றனர். அதில் சட்டக் குறை ஏதுமில்லை; 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. ஒரு சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நாசிக்கில் உலர்திராட்சை விற்கும் ஒருவர், வாப்பியிலுள்ள உற்பத்தியாளரிடம் 2,000 அட்டைப்பெட்டிகள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஐந்தடுக்கு, நீளம் 450 மில்லிமீட்டர், 15-ஆம் தேதி" என்கிறார். "சரி" என்று பதில் வருகிறது.

அந்த 450 உள்ளளவா, வெளியளவா? ஐந்தடுக்கு அட்டையின் கனம் ஏறத்தாழ 6 மி.மீ. வெளியளவு 450 எனில், இரு சுவர்களையும் கழித்தால் உள்ளே 438 மி.மீ. மட்டுமே மிஞ்சும். 74 மி.மீ. அகலமுள்ள பொட்டலங்கள் வரிசைக்கு ஆறு அடுக்க 444 மி.மீ. வேண்டும், ஆறாவது பொட்டலம் நுழையாது. பெட்டியின் தரத்தில் ஒரு குறையும் இராது, ஆனால் 2,000 பெட்டிகளும் பயன்படா.

தேதியும் அவ்வாறே. 15-ஆம் தேதி லாரியில் ஏற்றும் நாளா, நாசிக் வந்து சேரும் நாளா? வேறு ஏற்பாடு இல்லாதபோது, சரக்கைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக மேற்சொன்ன சட்டத்தின் 39-ஆம் பிரிவு முதல்நோக்கில் கொள்கிறது. லாரி வழியில் நான்கு நாள் நின்றாலும், "நாங்கள் அன்றே அனுப்பிவிட்டோம்" என்று விற்பவர் சொல்ல இடமுண்டு.

ஆகவே பேசிய அன்றே, நினைவு மங்குமுன், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ இவ்வாறு எழுதலாம்:

"இன்று காலை பேசியபடி: ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி 2,000. உள்ளளவு நீளம் 450, அகலம் 300, உயரம் 250 மி.மீ. பெட்டி ஒன்றின் விலை நாம் பேசியதே. ஜிஎஸ்டி தனி, லாரி வாடகை உங்களுடையது. 15-ஆம் தேதி மாலைக்குள் நாசிக் கிடங்கில் இறக்கப்பட வேண்டும். இவை சரியெனில் பதில் எழுதுங்கள்; மாற்றம் இருப்பின் இன்றே தெரிவியுங்கள்."

விலையைத் தொகையாகவே குறிப்பது இன்னும் நன்று. "பேசியதே" என்பது பின்னாளில் மற்றொரு வழக்கிற்கு வழிகோலும். நாம் அனுப்பிய செய்தி நம் கூற்று மட்டுமே. விற்பவர் "சரி" என்று எழுதிய பின்னரே அது இருவரின் கூற்றாகும். மௌனம் சம்மதம் என்று எண்ணி அதற்குமுன் முன்பணம் அனுப்ப வேண்டாம். பின்னர் தொலைபேசியில் "இரண்டு நாள் தள்ளுங்கள்" என்று கேட்டால், அதற்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

சரக்கு வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே அளந்து, பொட்டலங்களை அடுக்கிப் பாருங்கள். விற்பவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாயின், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறையை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடில் சரக்கு வந்த நாளே ஏற்ற நாளாகி, பணம் செலுத்தும் கெடு அன்றிலிருந்து எண்ணப்படும்.