10 சதவீதம், 12 சதவீதம்: எந்தக் கடன் மலிவு?

2 லட்சம் ரூபாய் தனிநபர் கடன், 3 ஆண்டுத் தவணை. வங்கி 12 சதவீத வட்டி கேட்கிறது. நிதி நிறுவனமோ 'வெறும் 10 சதவீதம்' என்கிறது. எது மலிவு?

வங்கியின் 12 சதவீதம் குறையும் நிலுவை மீதான வட்டி. அசல் அடைய அடைய வட்டியும் குறையும். மாதத் தவணை சுமார் 6,643 ரூபாய். 3 ஆண்டில் கட்டும் வட்டி சுமார் 39,000. அந்த 10 சதவீதம் 'ஃபிளாட்' வட்டி என்றால் கதையே வேறு. பாதி அசலை அடைத்த பிறகும் முழு 2 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். தவணை 7,222 ரூபாய், வட்டி 60,000. குறையும் நிலுவைக் கணக்கில் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். பரிசீலனைக் கட்டணம் 3 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடித்தால் கைக்கு வருவது 1,92,920 ரூபாய்தான். உண்மைச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

நிதி நிறுவனங்களின் வட்டி பொதுவாகக் கூடுதலாக இருக்கக் காரணம் உண்டு. வங்கிக்குச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து குறைந்த வட்டியில் பணம் கிடைக்கிறது. நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கிகளிடமும் சந்தையிலும் கடன் வாங்கித்தான் நமக்குக் கொடுக்கின்றன. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், சிபில் மதிப்பெண் குறைந்தவர்கள் என வங்கி தயங்குகிறவர்களுக்கும் அவை கடன் தருகின்றன, வேகமாகவும் தருகின்றன. அந்த வசதிக்கான விலையும் வட்டியில் அடங்கியிருக்கிறது.

இரண்டையும் ஒப்பிட எளிய வழி இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், ஒப்பந்தத்துக்கு முன் 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதம், அதாவது ஏபிஆர், அதில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமின்றிப் பிறகு வசூலிக்க முடியாது.

முன்கூட்டியே அடைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தனிநபர் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருபவை. அவற்றை முன்னதாக முடித்தால் கட்டணம் உண்டா, முதல் சில மாதங்கள் முடிக்கவே முடியாதா என்று கேளுங்கள்.

கண்காணிப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் மேலே இருப்பது ரிசர்வ் வங்கிதான். ஆனால் செல்பேசிச் செயலி பல நேரம் இடைத்தரகர் மட்டுமே. பின்னால் கடன் தருவது யார் என்று கேட்டு, அந்தப் பெயர் ரிசர்வ் வங்கி இணையதளத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தகராறு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் உட்பட்ட ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாக முறையிடலாம்.

வங்கியில் கடன் கிடைக்கிறவர் வங்கியிலேயே வாங்கலாம். கிடைக்காதவர் பதிவு பெற்ற நிதி நிறுவனத்துக்குப் போகலாம். யாராக இருந்தாலும் ஏபிஆர் எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.