போர் ஓவர் காபி: தண்ணீர் தேங்குதா... ஓடுதா? காரணம் இதுதான்!

வீட்டு பில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் அடம்பிடிப்பது நமக்குப் பழகிய விஷயம்தான். கூம்பு வடிவ டிரிப்பரில் பேப்பர் பில்டர் வைத்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடிக்கும் போர் ஓவர் காபியிலும் அதே தொல்லை உண்டு. உடனே கிரைண்டரில் கை வைக்கிறார்கள் பலர். அதற்கு முன், தவறு அரவையிலா, தூள் படிந்த விதத்திலா, பேப்பரிலா என்று பார்ப்பது நல்லது.

உதாரணமாக, வி60 டிரிப்பரில் 15 கிராம் தூளுக்கு 250 கிராம் வெந்நீர். வழக்கமாக 3 நிமிடத்தில் வடிந்துவிடும். இன்று நாலரை நிமிடமாகியும் தண்ணீர் நிற்கிறது என்றால்?

எப்போது தேங்கியது?

முதல் ஊற்றிலிருந்தே மெதுவாக இறங்கினால், தூள் அதிக நைஸாக இருக்கலாம் அல்லது பேப்பரில் கோளாறு இருக்கலாம். தூளே போடாமல், பேப்பரில் வெந்நீரை மட்டும் ஊற்றிப் பாருங்கள். அதுவும் தயங்கித்தான் இறங்குகிறதா? பேப்பர்தான் காரணம், வேறு பாக்கெட்டை முயன்று பார்க்கலாம். சரசரவென இறங்கினால், அரவையை ஒரு படி கொரகொரப்பாக்குங்கள்.

ஆரம்பத்தில் நன்றாக வடிந்து, கடைசியில் மட்டும் தேங்கினால் கதை வேறு. எந்த அரவையிலும் மாவு போன்ற நுண்தூள் கொஞ்சம் இருக்கும். உயரத்திலிருந்து வேகமாக ஊற்றினாலோ, அதிகம் கலக்கினாலோ அது நகர்ந்துபோய் பேப்பரின் துளைகளை அடைத்துவிடும். மிச்சத் தூளின் மேல் சேறு போன்ற படலம் தெரிந்தால் இதுதான் என்று சந்தேகிக்கலாம். அரவையை மாற்றாமல், தாழ்வாக, மெதுவாக ஊற்றுங்கள்; கலக்குவதைக் குறையுங்கள். அப்படியும் தேங்கினால் மட்டும் கிரைண்டரைத் தொடலாம்.

வேகமாக ஓடினால்?

இரண்டே நிமிடத்தில் வடிந்து, காபி புளிப்பாகவும் நீர்த்தும் இருக்கிறது. மிச்சத் தூளோ சமமாகப் படிந்திருக்கிறது. அப்படியானால் அரவை கொரகொரப்பு அதிகம். ஒரு படி நைஸாக்கினால் போதும்.

தூளில் பள்ளமோ, ஓரத்தில் அரிப்போ தெரிந்து, காபியில் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வந்தால், தண்ணீர் குறுக்கு வழி பிடித்திருக்கிறது. அந்த வழியில் இருந்த தூள் அளவுக்கு மீறி ஊறியிருக்கும்; மற்ற இடத்துத் தூள் சரியாக ஊறியே இருக்காது. இங்கே நைஸாக அரைப்பதால் பள்ளம் சரியாகாது. டிரிப்பரைத் தட்டி தூளைச் சமப்படுத்துங்கள். முதலில் 45 கிராம் தண்ணீர் ஊற்றி, எல்லாத் தூளும் நனைந்ததா என்று பார்த்து, 30 முதல் 45 விநாடி விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வட்டமாக ஊற்றுங்கள். பேப்பரின் மேல் ஊற்றினால், தண்ணீர் தூளைத் தொடாமலே பக்கவாட்டில் நழுவிவிடும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. நாலரை நிமிடக் காபி ருசியாகவே இருக்கிறதா? கடிகாரத்தை மறந்துவிட்டுக் குடியுங்கள்!