கையில் கஞ்சி கொட்டினால்

விறகடுப்பில் வைத்த சோற்றை வடிக்கும்போது பிடிதுணி நழுவிக் கொதிக்கிற கஞ்சி ஒரு பெண்ணின் கையில் கொட்டிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்கள் பற்பசை, மஞ்சள், இட்லி மாவு, பேனா மை என்று ஆளுக்கொன்றைத் தேடுவார்கள். அவருக்கு அப்போது வேண்டியது தண்ணீர் மட்டும்தான்.

கஞ்சி வழிந்து போனாலும் சூடு தோலுக்குள்ளேயே நிற்கும். ஆழத்தில் இறங்கி அடிச்சதையையும் கெடுக்கும். அதை வெளியே இழுக்கத்தான் தண்ணீர். குழாயைத் திறந்து, வெந்த இடத்தை 20 நிமிடம் அதன் கீழே காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் தணிந்ததும் கையை எடுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கடிகாரத்தைப் பாருங்கள். குழாய் இல்லாவிட்டால் குடத்திலிருந்து செம்பு செம்பாக மொண்டு ஊற்றலாம். உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. ஐஸ் கட்டி வேண்டாம். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும்.

தண்ணீர் ஓடும்போதே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கை வீங்கிய பிறகு அவை வராது. கஞ்சியில் நனைந்த துணியையும் எடுத்துவிட வேண்டும். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல், சுற்றிலும் கத்தரித்து விடுங்கள். காயம்பட்டது குழந்தை என்றால் வெந்த இடத்தில் மட்டும் ஊற்றி, மற்ற உடம்பை உலர்ந்த துணியால் போர்த்துங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

(சேலையிலேயே தீப்பிடித்தால் ஓடக் கூடாது; ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் கனத்த போர்வையால் மூடித் தீயை அணைத்த பிறகு தண்ணீர்.)

அடுத்து மூடுவது. துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும், இறுக்காமல் போடுங்கள். பஞ்சு கூடாது, நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மஞ்சளோ மாவோ பூசியிருந்தால் மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க அதைத் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும்; அந்த வலி வேறு.

மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று பார்க்க, காயம்பட்டவரின் உள்ளங்கையே அளவுகோல். விரல்களோடு சேர்ந்த அந்த அளவு உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1 சதவீதம். காயம் அதைவிடப் பெரிதென்றால் போக வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டால் சின்னக் காயத்துக்கும் போக வேண்டும். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். வெளுத்தோ கருகியோ இருக்கும் தோல் வலிக்கவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள்; நரம்பே வெந்துபோயிருக்கலாம்.

மூடிய அடுப்படியில் புகையில் சிக்கியவருக்குக் குரல் கரகரத்தாலோ, மூக்குத் துவாரத்தில் கரி படிந்திருந்தாலோ தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பெரிய காயத்துக்கும் அப்படித்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றலாம்.

கஞ்சி கொட்டிய அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்திருக்கிறது. உள்ளங்கையைவிடப் பெரிய காயம், மணிக்கட்டு மூட்டிலும் பட்டிருக்கிறது. போயே ஆக வேண்டும். எத்தனை மணிக்குக் கொட்டியது, எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்றினீர்கள், கடைசியாக டிடி ஊசி எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.