நூற்றுக்கு நூறு போதாது

மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் இரண்டு பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறார்கள். ஒருத்தி, நடத்திய பாடத்தைப் பிசகில்லாமல் படித்தவள். இன்னொருவனுக்கோ ஏழாம் வகுப்புக் கணக்கே தண்ணீர் பட்ட பாடு. மதிப்பெண் அட்டையை வைத்து யார் எவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. உழக்கில் அளந்தால் உழக்கு நெல்தான் தெரியும். வழிந்து கீழே கொட்டியது கணக்கில் வராது.

இந்தச் சிக்கலுக்கு வழி பிறந்தது 1969-ல், ஒரு சிறுவனால். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பையன் ஜோசப் பேட்ஸ். கோடை விடுமுறையில் கணினி வகுப்புக்கு வந்தவன், தன்னைவிடப் பல வயது மூத்த பட்ட மாணவர்களுக்கே நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தான். செய்தி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லியின் காதுக்குப் போனது. வயதுக்கேற்ற அறிவுத்திறன் தேர்வோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் 17 வயதுக்காரர்கள் கல்லூரிக்குப் போவதற்காக எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை 13 வயதுப் பையனிடம் கொடுத்தார். கல்லூரியில் சேரத் தேவையானதைவிடக் கூடுதலாகவே அவன் எடுத்தான். எந்த உயர்நிலைப் பள்ளிக்கும் அவனை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஸ்டான்லி தன் பல்கலைக்கழகத்திலேயே சேர்த்துவிட்டார்.

1972-ல் இதே வழியில் 12 முதல் 14 வயது வரையிலான 450 பிள்ளைகளுக்குக் கணிதத் தேர்வு வைத்தார். பள்ளித் தேர்வில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். இந்தத் தேர்விலோ அவர்களுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரிந்தது. இன்னொரு நுட்பமும் உண்டு. 17 வயது மாணவர் எடுக்கும் மதிப்பெண்ணில் பள்ளியில் படித்தது பெரும்பங்கு. 12 வயதுக் குழந்தைக்கு அந்தப் பாடங்களில் பலவற்றை யாரும் நடத்தவே இல்லை. அது யோசித்துத்தான் விடை காண வேண்டும்.

கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். இதற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1975-ல் பிறந்த டெரன்ஸ் டாவோவின் கதையைப் பார்க்கலாம். எட்டு வயதில் எஸ்.ஏ.டி. கணிதத்தில் 800-க்கு 760 எடுத்தவர் அவர். அவருடைய பெற்றோரின் முதல் முயற்சி தோல்விதான். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்தார்கள். சில வாரங்களிலேயே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கணக்கு வந்ததே தவிர, வகுப்பில் உட்கார அந்த வயது போதவில்லை. ஐந்து வயதில் மறுபடி சேர்த்தபோது பள்ளியோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். பையனை மொத்தமாக மேல் வகுப்புக்குத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் அவனுக்கு ஏற்ற வகுப்பு. ஆறரை வயதில் ஒரே தொடக்கப் பள்ளியில் நான்கு வெவ்வேறு வகுப்புகளுக்கு மாறி மாறிப் போய்வந்தான். கணக்கில் பாய்ந்தவன், மற்றப் பாடங்களில் நிதானமாகவே நடந்தான்.

ஒன்பது வயதிலேயே பல்கலைக்கழகக் கணிதப் பாடங்களைத் தொட்டாயிற்று. அப்போதே முழுநேரமாகச் சேர்த்திருந்தால் 'உலகிலேயே இளம் பட்டதாரி' என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். குழந்தை மருத்துவரான தந்தை பில்லி டாவோ அதற்கு ஒப்பவில்லை. சாதனைக்காக அவசரப்படுத்துவது வெறும் வேடிக்கை, அடித்தளம் அகலமாக வேண்டும் என்பது அவர் கட்சி. என் கணிப்பில், அந்தக் குடும்பம் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது இதுதான். பெருமை வாசலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்துவது லேசா என்ன? டெரன்ஸ் 16 வயதில் பட்டம் பெற்றார். 2006-ல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

வேகமாகப் படிக்கவிட்டால் மனம் கெட்டுவிடாதா? ஸ்டான்லி கண்டறிந்த பிள்ளைகளை அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் ஐம்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பாடத்தில் முந்திப் போனதால் பிற்கால மனநலம் குன்றியதாகத் தெரியவில்லை. ஆனால் தேர்வு தவறவிடும் பிள்ளைகளும் உண்டு. 1920-களில் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் அறிவுத்திறன் தேர்வு வைத்து மேதைக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்தபோது, வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் கழிக்கப்பட்டார்கள். பின்னாளில் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆகவே குறைந்த மதிப்பெண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பிள்ளை பாடத்தைச் சட்டென்று முடித்துவிட்டு வகுப்பில் துறுதுறுவென்று வம்பு செய்கிறதா? இரண்டு வகுப்பு மேலே உள்ள புத்தகத்தை எடுங்கள். பாடத்தை நடத்தாமல், பின்னாலிருக்கும் பயிற்சியில் பத்துக் கணக்கை மட்டும் கொடுங்கள். போட்டதை விட்டுவிட்டு, தடுக்கிய இடத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள். எத்தனை சரி என்பதை மட்டும் சொந்தபந்தத்திடம் சொல்லாதீர்கள்.