நிறுத்தினால் தெளிவு, ஓடவிட்டால் நெளிவு

பழைய கேசட்டில் உள்ள கல்யாண வீடியோவை ஏஐ கொண்டு நீளத்திலும் அகலத்திலும் நான்கு மடங்காகப் பெரிதாக்குகிறோம். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமும் அழகு. ஓடவிட்டால் புடவையின் ஜரிகை புழுப்போல் நெளிகிறது.

ஒரு புள்ளி இருந்த இடத்தில் இப்போது 16 புள்ளிகள் வேண்டும். இல்லாத நுணுக்கத்தை மென்பொருள் ஊகித்து வரைகிறது. ரியல்-ஈஎஸ்ஆர்கேன் போன்ற கருவிகள் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப்படமாகவே பார்க்கின்றன. கேசட்டின் இரைச்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் ஊகமும் மாறிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கேமரா அசையாத காட்சியில், எல்லா ஃபிரேமிலிருந்தும் ஒரே கிடைவரிசையை வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். அசையாத சுவரின் விளிம்பு நேர்கோடாக இறங்கினால் நல்லது. ரம்பப்பல்லாக இறங்கினால் நெளிவு இருக்கிறது.

2021-இல் வந்த பேசிக்விஎஸ்ஆர் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைச் சேர்த்தே பார்க்கிறது. ஒவ்வொரு பொருளும் எங்கே நகர்ந்தது என்று கணித்து, அங்கே ஏற்கெனவே கண்ட நுணுக்கத்தை நகர்த்தி வைக்கிறது. கை முகத்தை மறைத்து விலகும் இடங்களில் இந்தக் கணிப்பு தவறலாம். தவறு அடுத்த ஃபிரேம்களுக்கும் பரவும். அதனால் முதலில் இரைச்சலை மெல்லக் குறைத்து, காட்சி மாறும் இடங்களில் வீடியோவைப் பிரித்து, பிறகு பெரிதாக்குவதே பாதுகாப்பு.