உஷார்! கும்பகோணத்துக் குளம் ஒரத்தநாட்டுக்குப் போயிருக்கலாம்

குளம், கிணறு, கோயில் என்று எதையாவது கணக்கெடுத்து, ஜிபிஎஸ் எண்களோடு அட்டவணை போட்டு வைத்திருக்கிறீர்களா? மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். அதில் சில வரிசைகள் தப்பான ஊரில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அட்டவணையை வெறும் கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் அது தெரியாது.

முதலில் எளிதில் பிடிபடும் தப்பைப் பார்த்துவிடுவோம். தஞ்சாவூரின் அட்சரேகை சுமார் 10.787, தீர்க்கரேகை 79.138. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் புள்ளி வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் விழும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் நீ-ஆலெசுண்ட் அங்கிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான்! இந்த இடமாற்றத்துக்குப் பெரும்பாலும் ஆள்மேல் குற்றம் சொல்ல முடியாது. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் காட்டும். KML, GeoJSON கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் எழுதும். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது தலைகீழாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்குள் இதைப் பிடிக்க ஒரு வரி போதும். நம் அட்சரேகை சுமார் 8 முதல் 13.6 வரை, தீர்க்கரேகை 76.2 முதல் 80.4 வரை. B பத்தியில் அட்சரேகையும் C பத்தியில் தீர்க்கரேகையும் இருந்தால் எக்செல்லில் இப்படிப் போடலாம்:

```
=AND(B2>=8, B2<=13.6, C2>=76.2, C2<=80.4)
```

FALSE என்று வந்த வரிசைகளை எடுத்துப் பாருங்கள். மாறிப்போனவையும், விட்டுப்போன இடத்தில் பூஜ்யம் நிரம்பியவையும் சிக்கிவிடும். இரண்டு எண்ணும் பூஜ்யமானால் புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் மிதக்கும். ஆனால் எல்லா நாட்டுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. நைஜீரியாவின் தலைநகர் அபுஜா 9.06, 7.49. அதை மாற்றிப் போட்டாலும் புள்ளி நைஜீரியாவுக்குள்ளேயே, சுமார் 245 கிலோமீட்டர் தள்ளி விழுகிறது. அங்கே நாட்டின் எல்லையை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாமே பாஸ்.

துருவத்துக்குப் போன குளத்தை யாராவது பார்த்துச் சிரித்துத் திருத்திவிடுவார்கள். பயப்பட வேண்டியது மாவட்டத்தை விட்டே வெளியேறாத தப்புக்குத்தான்.

கும்பகோணத்தில் ஒரு குளம் என்று வைத்துக்கொள்வோம். கருவி டிகிரி, நிமிடம், விநாடி முறையில் 10°57′36″, 79°22′48″ என்று காட்டுகிறது. படிவத்தில் இருக்கும் கட்டமோ தசம எண் கேட்கிறது. எழுதுகிறவர் குறிகளை விட்டுவிட்டு 10.5736, 79.2248 என்று நிரப்பிவிடுகிறார். பார்வைக்கு அழகான எண். தமிழ்நாட்டு எல்லைக்குள்ளும் இருக்கிறது, தஞ்சை மாவட்டத்துக்குள்ளும் இருக்கிறது. சரியான கணக்கு என்ன? நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும்: 10 + 57/60 + 36/3600 = 10.96. அதேபோல் தீர்க்கரேகை 79.38. எழுதிய எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் நடுவே சுமார் 46 கிலோமீட்டர். கும்பகோணத்துக் குளம் ஒரத்தநாட்டுக்குச் சற்றுத் தெற்கே போய்விட்டது. அங்கேயும் குளங்கள் உண்டு என்பதால் செயற்கைக்கோள் படத்தைப் போட்டுப் பார்த்தால்கூடச் சந்தேகம் வராது.

இந்தத் தப்பு ஒரு தடயத்தை விட்டுப் போகும். நிமிடம் 59-ஐத் தாண்டாது. ஆகவே நிமிடத்தை இரண்டு இலக்கமாக எழுதியிருந்தால், புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்கள் ஒருபோதும் 60 முதல் 99-க்குள் வராது. உண்மையான தசம எண்களுக்கு அந்தத் தடை இல்லை. இதைச் சோதிக்க:

```
=MOD(INT(B2*100),100)>=60
```

ஒரு கணக்கெடுப்பாளர் கொண்டுவந்த வரிசைகளில் ஒன்றுகூட TRUE வராவிட்டால் அவரது படிவங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. பட்டுக்கோட்டை 10.43, 79.32, அந்தப் பக்கம் மட்டும் சுற்றியவருக்கு இயல்பாகவே TRUE வராது. கும்பகோணம் வட்டாரத்தில் சுற்றியவருக்கு 10.9 என்று தொடங்கும் எண் ஒன்றுகூட இல்லையென்றால், சந்தேகத்துக்கே இடமில்லை.

வரைபடத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செல்லின் ஸ்கேட்டர் சார்ட் போதும். தீர்க்கரேகையைக் கிடை அச்சிலும் அட்சரேகையைச் செங்குத்து அச்சிலும் வையுங்கள். எக்செல் இடப்பக்கப் பத்தியைத்தான் கிடை அச்சாக எடுத்துக்கொள்ளும். அட்சரேகை இடப்பக்கம் இருந்தால் சரியான தரவும் கோணலாகத் தெரியும். கணக்கெடுப்பாளர் ஒருவருக்கு ஒரு நிறம் கொடுங்கள். மாநிலம் முழுக்க எடுத்த அட்டவணையில் இந்தத் தப்பு பரவியிருந்தால், 10.6-க்கும் 11-க்கும் நடுவே ஒரு பட்டை காலியாகக் கிடக்கும். திருச்சி, தஞ்சை, கும்பகோணம் எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. 79.6-க்கும் 80-க்கும் நடுவிலும் அதேபோல் வெற்றிடம் வரும். மயிலாடுதுறை, சிதம்பரம், நாகப்பட்டினம் காணாமல் போயிருக்கும். ஒருவரது புள்ளிகள் மட்டும் கூட்டமாகத் தென்மேற்கே நகர்ந்திருந்தாலும் இதே சேதிதான், ஏனென்றால் இந்தத் தப்பு எண்ணைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

தட்டச்சில் இரண்டு இலக்கம் இடம் மாறுவது வேறு கதை. 10.96 என்பது 10.69 ஆனால் 30 கிலோமீட்டர் விலகல். தசமத்தில் முதல் இலக்கம் ஒன்று மாறினால் 11 கிலோமீட்டர், இரண்டாவது மாறினால் 1.1 கிலோமீட்டர், மூன்றாவது என்றால் 110 மீட்டர். முதல் இரண்டில் நடக்கும் தப்பை ஊர்ப் பெயரை வைத்துப் பிடிக்கலாம். QGIS மென்பொருளில் கிராம எல்லைக் கோப்பைத் திறந்து `Join attributes by location` கொடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கிராமத்தில் விழுகிறது என்று ஒரு பத்தி சேரும். படிவத்தில் எழுதிய கிராமத்தோடு அதை ஒப்பிடுங்கள். கும்பகோணத்துக் குளம் இங்கே கட்டாயம் மாட்டும். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் வீண் எச்சரிக்கைகளும் நிறைய வரும், எல்லையோரப் புள்ளிகளும் சில அடுத்த கிராமத்தில் விழும். பொறுமையாகத் தள்ளிவிட வேண்டியதுதான். மூன்றாவது இலக்கத்துத் தப்பு இதற்கும் பெரும்பாலும் அகப்படாது. அது பக்கத்து வயலில் விழுந்து தப்பித்துவிடும்.

பிடிபட்டதும் அந்தக் கட்டத்திலேயே அழித்து எழுதாதீர்கள், தயவுசெய்து. பழைய எண் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் திருத்திய எண்ணுக்கு இரண்டு பத்தி, காரணத்துக்கு ஒரு பத்தி சேருங்கள். இடம் மாற்றிப் பார்த்தபோது எழுதிய கிராமத்துக்குள்ளேயே புள்ளி விழுந்தால்தான் அது திருத்தம். நிமிடக் கணக்கிலும் அப்படியே. 10.5 என்று மொட்டையாக நிற்கும் எண்ணில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும்: 10°50′ என்று எழுதியதன் கடைசிப் பூஜ்யத்தை எக்செல் விழுங்கியிருக்கலாம், 10°5′ என்பதைப் பூஜ்யம் போடாமல் எழுதியிருக்கலாம், உண்மையாகவே பத்தரை டிகிரியாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் நடுவே பல கிலோமீட்டர் தூரம். கிராமப் பெயரும் கைகொடுக்காவிட்டால் அந்த வரிசைக்கு மறுபடி ஆள் அனுப்புங்கள். இந்த முறை கருவியின் திரையைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள்.